ஊருணிக்காத்தானா, ரழூக்ஷனா?

வாய்வழியாகச் சொல்லப்போகும் ஒரு கதையில், செட்டிநாட்டு ஊருணியைக் காக்கும் பூதத்துக்கு வைக்க இரண்டு பெயர்கள் முன்னால் உள்ளன. எதை வைப்பது?

‘ரழூக்ஷன்’ பழசாகத் தோன்றும், ஆனால் வாயில் நிற்காது. பழந்தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது. சொல்பவர் முன்னால் ஓர் ‘இ’ சேர்ப்பார். ழகரம் பலர் வாயில் ளகரமாகும், ‘க்ஷ’ ‘ச்ச’வாகும். நாலு பேர் சொன்னால் ‘இரளூச்சன்’தான் மிஞ்சும்.

‘ஊருணிக்காத்தான்’ இருக்கும் இடத்தையும் வேலையையும் தானே சொல்லிவிடுகிறது. காத்தான் என்பது நம் பக்கத்துக் காவல் தெய்வப் பெயர்களின் சாயல். ‘காத்தானே’, ‘காத்தானுக்கு’ என்று உருபுகளும் இயல்பாக ஒட்டும். எங்கள் தேர்வு இதுவே.

ஒரு சிக்கல் உண்டு: சொல்பவர்கள் ‘காத்தான்’ என்று சுருக்குவார்கள், அப்போது அது மனிதப் பெயராகிவிடும். அதனால் கதையில் பூதம் முதலில் தோன்றும்போதும், தண்ணீர் வற்றும் இடத்திலும், முடிவிலும் முழுப்பெயரையே வையுங்கள், நடுவில் சுருக்கலாம்.