கரும்பலகை: அழிக்காமல் எழுதுவதா, அழித்தழித்து எழுதுவதா?

எட்டடிக்கு நாலடி பலகை. கடைசி பெஞ்சுக்குத் தெரிய எழுத்து 5 செ.மீ. உயரமாவது வேண்டும். வரிக்கு 10 செ.மீ. விட்டால், முன்வரிசைத் தலைகள் மறைக்கும் அடிப்பகுதி போக, ஒன்பது வரிதான் கிடைக்கும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் பலர் பாடம் முடியும்வரை எதையும் அழிப்பதில்லை. பலகையில் என்ன, எங்கே வரும் என்பதை முன்பே தாளில் வரைந்துகொள்கிறார்கள். இதைப் பின்பற்றி, ஆறாம் வகுப்பில் 1/3 + 1/4 கணக்குக்குப் பலகையை மூன்றாகப் பிரிப்பேன். இடப்பக்கம் கேள்வியும் படமும். நடுவில் பிள்ளைகள் சொன்ன விடைகள். 2/7 என்ற தவறும் அங்கேயே இருக்கும். வலப்பக்கம் 4/12 + 3/12 = 7/12. 2/7 என்பது 1/3-ஐ விடச் சிறியது. கூட்டினால் எப்படிக் குறையும்? தவறு கண்ணெதிரே இருப்பதால்தான் இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொரு வழி, தலைப்பையும் விதியையும் இடப்பக்கம் நிலையாக வைத்து, மீதியில் எழுதி எழுதி அழிப்பது. பயிற்சிக் கணக்கு நிறைய போடும் நாளில் இதுதான் சரி. ஆனால் மெதுவாக எழுதும் பிள்ளை முடிப்பதற்குள் கணக்கு போய்விடும். பாதி வரியில் நிற்கும் நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

புதுக் கருத்து தொடங்கும் நாளில் அழிக்கவே மாட்டேன். தாளில் வரையும்போதே ஒன்பது வரியைத் தாண்டினால், எழுத்தைச் சிறிதாக்காமல் ஒரு எடுத்துக்காட்டை விட்டுவிடுவேன்.