கோரை இரட்டிப்பதா, லிங்க்கரை மாற்றுவதா: ஒரு பில்டின் கணக்கு

பெரிய சி++ திட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பில்டு செய்ய 8 கோர் கணினியில் 21 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் குறைக்க வழி தேடும் அணிக்கு முதலில் தோன்றுவது 16 கோர் கணினி வாங்கும் யோசனைதான். கோர் இரு மடங்கானால் நேரம் பாதியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த எதிர்பார்ப்பு எந்த இடத்தில் பொய்க்கிறது என்பதையும், அதனுடன் போட்டியிடும் மற்ற வழிகள் எவை என்பதையும் ஒரே கணக்கை வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் வேலையின் அமைப்பு உண்மையான பில்டுகளில் காணப்படுவதே.

இந்தப் பில்டை ஒரே கோரில் ஓட்டினால் 100 நிமிடம் ஆகும். அதில் முதல் 4 நிமிடம் `configure` ஸ்கிரிப்டுக்குப் போகிறது. திரையில் "checking for" என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பெரும்பாலான வரிகளில் ஒரு சிறு நிரலை எழுதி, கம்பைல் செய்து, அது தேறியதா என்று பார்த்த பிறகே ஸ்கிரிப்டு அடுத்த வரிக்கு நகர்கிறது. அதற்குப் பின் சுமார் 900 மூலக் கோப்புகளைக் கம்பைல் செய்ய 90 நிமிடம். ஒரு கோப்பு இன்னொன்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால், `make -j8` என்றால் எட்டு எட்டாகவும், `make -j16` என்றால் பதினாறு பதினாறாகவும் இவை ஓடும். கடைசி 6 நிமிடம் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒரே நிரலாகச் சேர்க்கும் லிங்க் வேலை. குனூவின் பழைய லிங்க்கரான `ld` இதை ஒரே கோரில்தான் செய்கிறது. எல்லாக் கோப்புகளும் முடிந்த பிறகே அது தொடங்கவும் முடியும்.

எனவே 10 நிமிடம் வரிசையில்தான் நடக்கும்; 90 நிமிடத்தை மட்டுமே பங்கிடலாம். 8 கோரில் அந்த 90 நிமிடம் 11.25 ஆகச் சுருங்குகிறது, 10 அப்படியே நிற்கிறது, ஆக மொத்தம் 21.25 நிமிடம். 16 கோரில் 5.6 உடன் 10 சேர்ந்து 15.6 நிமிடம். நேரம் பாதியாகவில்லை; கால் பங்கைவிடச் சற்றே அதிகமாகக் குறைந்திருக்கிறது. 32 கோரில் 12.8, 64 கோரில் 11.4. கோர்களை எவ்வளவு கூட்டினாலும் 10 நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை, அதாவது பத்து மடங்கு வேகமே உச்சம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது நேர்வீதியில் ஆள் கூடக்கூட இழுப்பு எளிதாகும்; ஆனால் முனையில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும் நேரம் வடத்தில் எத்தனை பேர் நின்றாலும் குறைவதில்லை.

ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜீன் ஆம்டால், 1967-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டில் இந்த வாதத்தை முன்வைத்தார். அவருடைய சிறிய கட்டுரையில் சமன்பாடு எதுவும் இல்லை. இன்று அவர் பெயரால் வழங்கும் சூத்திரத்தைப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள்:

```
S = 1 / (s + (1 - s) / p)
```

இதில் `s` என்பது ஒரே கோரில் ஓடும்போது மொத்த நேரத்தில் வரிசை வேலையின் பங்கு, `p` கோர்களின் எண்ணிக்கை, `S` கிடைக்கும் வேகப் பெருக்கம். நம் பில்டில் `s` 0.1. இங்கே எளிதில் நழுவிவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஒரே கோரில் பத்தில் ஒரு பங்காக இருந்த வரிசை வேலை, 16 கோரில் ஓடும்போது 15.6 நிமிடத்தில் 10 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. வரிசை வேலை கொஞ்சமும் வளரவில்லை; சுற்றியிருந்தது சுருங்கியதால் அதுவே பெரும்பங்காகிவிட்டது. அந்த 10 நிமிடத்தில் பெரும்பாலும் பதினைந்து கோர்கள் சும்மா இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம்.

முதல் போட்டி வழி, கணினியை அப்படியே வைத்துக்கொண்டு லிங்க்கரை மாற்றுவது. `lld`, `mold` ஆகிய இரண்டும் லிங்க் வேலையையே பல திரெட்களாகப் பிரித்துச் செய்யும்படி எழுதப்பட்டவை. கம்பைலருக்கு `-fuse-ld=lld` அல்லது `-fuse-ld=mold` என்று ஒரு சொல் கூட்டினால் போதும். லிங்க் 6 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைகிறது என்று கொண்டால், வரிசை வேலை 10-இலிருந்து 5 நிமிடம் ஆகிறது. அப்போது பழைய 8 கோர் கணினியிலேயே பில்டு 16.25 நிமிடத்தில் முடிகிறது. புதிய 16 கோர் கணினி பழைய லிங்க்கருடன் தரும் 15.6 நிமிடத்துக்கு இது ஏறக்குறைய சமம். செலவோ ஒரு வரி மாற்றம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 16 கோரில் 10.6 நிமிடம். 64 கோரும் பழைய லிங்க்கரும் சேர்ந்து தரும் 11.4 நிமிடத்தை இது வென்றுவிடுகிறது. இந்த ஓர் ஒப்பீடு போதும், கோர்களின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கும் முன் வரிசை வேலையைத் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு.

இந்த வழிக்கும் வரம்பு உண்டு. லிங்க்கர் ஸ்கிரிப்டுகளை முழுமையாக நம்பியிருக்கும் திட்டங்களில், குறிப்பாக வன்பொருளின் நினைவக அமைப்புக்கு ஏற்ப நிரலை அடுக்கும் திட்டங்களில், `mold` ஒத்துவராமல் போகலாம். அங்கே `lld` பாதுகாப்பான தேர்வு. இரண்டுமே ஒத்துவராவிட்டால், லிங்க்கர் சுமக்கும் பாரத்தையாவது குறைக்கலாம். `-gsplit-dwarf` கொடுத்தால் டீபக் தகவலின் பெரும்பகுதி தனிக் கோப்புகளுக்குப் போய்விடுகிறது, லிங்க்கர் அதைத் தொடவே வேண்டியதில்லை. `configure` எடுக்கும் 4 நிமிடத்துக்கு `./configure -C` என்று முந்தைய விடைகளைச் சேமித்து வைப்பது உதவும், ஆனால் முதல் முறை ஓடும்போது அதனால் பயனில்லை.

இரண்டாவது போட்டி வழி, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒவ்வொன்றின் வேகத்தையும் கூட்டுவது. ஒவ்வொரு கோரும் ஒன்றரை மடங்கு வேகமான 8 கோர் கணினியில், நினைவகமும் வட்டும் ஈடுகொடுத்தால், 21.25 நிமிடம் 14.2 ஆகிறது; அதாவது பழைய வேகமுள்ள 16 கோரை அது முந்துகிறது. வேகமான கோர் வரிசை வேலை, பங்கிட்ட வேலை இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது என்பதே காரணம். விளம்பரத்தில் கோர் எண்ணிக்கை பெரிதாகவும் ஒற்றைக் கோர் வேகம் சிறிதாகவும் அச்சாகும் சர்வர் பிராசசர்களைப் பில்டுக்காக வாங்குபவர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இதுவரை 90 நிமிட வேலையை எந்தக் குறையும் இல்லாமல் பங்கிடலாம் என்று கொண்டோம். நடப்பில் அப்படி இருப்பதில்லை. 900 கோப்புகளில் ஒன்று மட்டும், டெம்ப்ளேட்டுகள் நிறைந்தோ கருவியால் உருவாக்கப்பட்டோ, தனியாக 4 நிமிடம் பிடிக்கிறது என்று கொள்வோம். ஒரு கோப்பை இரண்டு கோர்கள் பங்கிட்டுக் கம்பைல் செய்வதில்லை. 16 கோரில் கம்பைல் கட்டமே 5.6 நிமிடம் என்பதால், அந்தக் கோப்பு முன்னதாகத் தொடங்கினால் கூட்டத்தில் மறைந்துவிடும். 32 கோரில் அந்தக் கட்டம் 2.8 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு கோப்புக்காக 4 நிமிடம் வரை நீள்கிறது. எனவே 32 கோரிலும் மொத்தம் 14 நிமிடம், 64 கோரிலும் அதே 14. அது கடைசியில் தொடங்கினால் 16 கோரிலேயே பாதிப்பு தெரியும்: மற்ற 86 நிமிட வேலை 5.4 நிமிடத்தில் முடிந்த பிறகு, இன்னும் 4 நிமிடம் ஒரே ஒரு கோர் மட்டும் உழைக்கும். அந்தக் கோப்பை நான்காகப் பிரித்து எழுதுவது கூடுதல் கோர்களைவிடப் பலன் தரும் இடம் இது.

மூன்றாவது வழி, கேள்வியையே மாற்றிப் போடுவது. ஒரே நாளில் எட்டுக் கிளைகளைப் பில்டு செய்ய வேண்டிய அணியிடம் 64 கோர் சர்வர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்டுக்கும் 64 கோரையும் கொடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால், பெரிய கோப்புச் சிக்கல் இல்லை என்றே கொண்டாலும், எட்டுக்கும் சேர்த்து 91 நிமிடம். அதே சர்வரை எட்டு எட்டுக் கோராகப் பிரித்து எட்டுப் பில்டுகளையும் ஒரே சமயத்தில் தொடங்கினால், எல்லாம் 21.25 நிமிடத்தில் முடிகின்றன. ஒரு பில்டின் லிங்க்குக்காகச் சும்மா இருந்த கோர்கள் இப்போது மற்ற பில்டுகளுக்கு உழைக்கின்றன. ஆனால் எட்டு லிங்க்கர்கள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும். அது போதாமல் ஸ்வாப்புக்குப் போனால் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும்.

1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் குஸ்டாஃப்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1024 பிராசசர்களில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம் காட்டியதும், கேள்வியை மாற்றியதால் கிடைத்த விடையே. பிராசசர்கள் கூடக்கூட அவர்கள் கணக்கையும் பெரிதாக்கினார்கள். பங்கிடக்கூடிய வேலை வளர்ந்தபோது வரிசை வேலையின் பங்கு சிறுத்தது. ஆம்டாலை இது பொய்யாக்கியதாகச் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அளவு மாறாத ஒரு பில்டு முடிய ஒருவர் காத்திருக்கும்போது ஆம்டாலின் கணக்கு பொருந்துகிறது. கிடைக்கும் கோருக்கு ஏற்ப வேலையைக் கூட்டிக்கொள்ள முடியும்போது குஸ்டாஃப்சனின் கணக்கு பொருந்துகிறது.

எந்த வழி தமக்கு ஏற்றது என்பதை அறிய, `time make -j16` என்று ஓட்டிப் பார்ப்பதே தொடக்கம். `configure`-ஐயும் சேர்த்து அளந்தால் நம் எடுத்துக்காட்டில் இப்படி வரும்:

```
real    15m37s
user    95m12s
sys     4m48s
```

கடைசி இரண்டையும் கூட்டி முதல் வரியால் வகுத்தால் 6.4 வருகிறது. பதினாறு கோர்களில் சராசரியாக ஆறு சொச்சம்தான் உழைத்திருக்கின்றன. எந்தக் கட்டத்தில் மற்றவை சும்மா இருந்தன என்பதை, பில்டு ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் `top` காட்டிவிடும்: பட்டியலின் உச்சியில் `ld` மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் சிக்கல் லிங்க்கில்; சி++ கம்பைலரான `cc1plus` ஒன்று மட்டும் நெடுநேரம் நின்றால் ஏதோ ஒரு கோப்பில்.

அதற்கு அடுத்த படியாக, 1990-இல் ஆலன் கார்ப்பும் ஹோரஸ் ஃபிளாட்டும் தந்த அளவைப் போட்டுப் பார்க்கலாம். ஆம்டாலின் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, அளந்த வேகத்திலிருந்து வரிசைப் பங்கைக் கண்டுபிடிப்பது அது:

```
e = (1/S - 1/p) / (1 - 1/p)
```

8 கோரிலும் 16 கோரிலும் நம் பில்டுக்கு இது 0.10 என்றே வருகிறது. கோர் கூடியும் இந்த எண் மாறாவிட்டால், தடை நிலையான வரிசை வேலையே. லிங்க்கர் மாற்றமும் வேகமான கோரும் அதற்கு மருந்து. 4 நிமிடக் கோப்பு உள்ள பில்டில் 32 கோருக்கு 0.112, 64 கோருக்கு 0.126 என்று எண் ஏறுகிறது. அப்படி ஏறினால், சமமாகப் பங்கிடாத வேலையோ, நினைவகத்துக்கும் வட்டுக்கும் நடக்கும் போட்டியோ கோர்களுடன் சேர்ந்து வளர்கிறது என்று பொருள். அந்த நிலையில் லிங்க்கரை மாற்றினாலும் ஏற்றம் நிற்காது. பெரிய கோப்பைப் பிரிப்பதோ, `-j` எண்ணைக் குறைப்பதோதான் அடுத்துச் செய்து பார்க்க வேண்டியது.