திருகோணமலை மாரியில் பெட்டூனியாவும் ஜெரேனியமும்: சில வருட அனுபவம்

உவர்மலை வீட்டு முற்றத்தில் சில வருடங்களாக இந்த இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். நுவரெலியாவில் இதே செடிகள் மழைக்குள்ளும் பூத்து நிற்கின்றன. அங்கே 1,800 மீற்றருக்கு மேல் உயரம், இரவானால் குளிர்ந்துவிடும். நமக்கோ மாரி இரவிலும் வெப்பநிலை 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. வெறும் மழையையும் வெறும் வெயிலையும் ஓரளவு தாங்குகிற செடி, சூடும் ஈரமும் ஒன்றாக வந்தால் சரிந்துவிடுகிறது.

பெட்டூனியா இலையைத் தொட்டால் விரல் ஒட்டும். அந்தப் பிசுபிசுத்த மயிர்களில் மழைநீர் எளிதில் காயாது. ஐப்பசியில் முதல் பெருமழைக்குப் பிறகு வாடிய பூக்கள் ஈரக் கடதாசிபோல இலைமேல் படிந்துவிடும். அப்புறம் படிந்த இடத்திலிருந்தே இலை பழுப்பாகி அழுகும். பூவைக் கிள்ளி எடுத்தால் இதைச் சமாளிக்கலாம். வேரில் நடப்பதைத்தான் சமாளிக்க முடியாது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். அதே சூட்டில் வேருக்குத் தேவை கூடும். மூச்சுமுட்டிய வேரைப் பிதியம், பைட்டோப்தோரா போன்ற நீரில் பரவும் நோய்க்கிருமிகள் பிடித்துக்கொள்ளும்.

வெளியே தெரிகிற அடையாளம் ஆளை ஏமாற்றும். மண் நனைந்திருக்க, செடி பகலில் வாடித் தொங்கும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தண்ணி காணாது போல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோவன்" என்றார். அந்த நேரம் ஊற்றினால் செடியின் கதை முடிந்தது. விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாட்டமென்றால் ஒரு வேரை மெதுவாக இழுங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல்மட்டும் மிஞ்சினால் அது பிதியம் அழுகல். அந்தச் செடியை மண்ணோடு அகற்றுவதுதான் வழி.

ஜெரேனியத்தில் தண்டு மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கிக் கறுத்து வந்தால் அதுவும் பெரும்பாலும் இதே வேலைதான். கறுக்காமல், இலைமட்டும் வாடி மஞ்சளானால் பற்றீரியா வாடலைச் சந்தேகிக்கலாம். தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகம் நீரில் படும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பால்நிற இழை கீழ்நோக்கி ஒழுகினால் சந்தேகம் வலுக்கிறது. தக்காளி, கத்தரியையும் பிடிக்கிற நோய் இது. ஆகவே அந்தச் சாடி மண்ணைக் காய்கறிப் பாத்திப் பக்கம் கொண்டுபோகக்கூடாது. தக்காளி வாடிச் செத்த மண்ணில் ஜெரேனியம் வைக்கவும் கூடாது.

சரி, மாரிக்கு எதை வைப்பது? கடைகளில் "சூடு தாங்கும்" என்று சொல்வதைமட்டும் நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வோம். நித்தியகல்யாணி கச்சான் காற்றில் கல்லிடுக்கில்கூடப் பூக்கும். தொடர்மழையில் அதற்கும் பைட்டோப்தோரா வந்து நுனிகள் கருகிச் சாயும். பத்துமணிப்பூவும் அப்படித்தான். வெயில் இல்லையென்றால் விரியாது, சதைத் தண்டு அழுகும். இவை கோடைக்கு.

என் முற்றத்தில் மாரியை நன்றாகத் தாங்கியது டொரேனியா. தென்கிழக்காசியப் பக்கத்துச் செடி என்பதால் சூடும் ஈரமும் அதற்குப் புதிதல்ல. அரைநிழலில் மார்கழி முழுக்கப் பூத்தது. அடுத்தது வாடாமல்லி. அதன் பூ காகிதம்போல உலர்ந்தே இருப்பதால் நீர் தங்கி அழுக இடமில்லை. கோழிக்கொண்டையில் இறகு மாதிரி நீண்டு நிற்கிற வகையை எடுங்கள். மடிப்பு மடிப்பான கொண்டை வகை நீரைப் பிடித்து உள்ளே அழுகிவிடும், மேலே பார்த்தால் தெரியவும் மாட்டாது. காசித்தும்பையைப் புரட்டாதிக் கடைசியில் விதைத்தால் இரண்டு மாதத்துக்குள் பூக்கும். ஆனால் நீர் தேங்கினால் அதன் சாறுள்ள தண்டும் அழுகும்.

எந்தச் செடியானாலும் தனித் தும்புத்தூளில் நடாதீர்கள். மாரியில் அது காயவே காயாது. நான் தும்புத்தூள், உமிக்கரி, பரும்மணல், மக்கிய எரு நான்கையும் சம அளவில் கலக்கிறேன். சாடிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. இரண்டு செங்கல்லில் தூக்கி வைத்தால் அடித்துளை திறந்தே இருக்கும்.

பெட்டூனியா இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு இடைவெளி உண்டு. தை முடிவில் மழை ஓய்ந்தபின், காலை வெயில் விழுகிற தாழ்வாரத்தில் நட்டு, இலையில் படாமல் மண்ணுக்குமட்டும் காலையில் நீர் விட்டால் பங்குனிவரை பூ பார்க்கலாம். சித்திரையில் தண்டு நீண்டு, கீழ் இலை மஞ்சளாகும். அப்போது பிடுங்கிவிட்டு நித்தியகல்யாணியை வைத்துவிடுவேன். டொரேனியாவைக் கச்சான் காலத்துக்கு நான் விட்டுவைப்பதில்லை. மத்தியானமே துவண்டுவிடும், ஒரு நாளைக்கு இரண்டு தரம் நீர் கேட்கும்.