தேனிலவுத் தம்பதிக்கு வரவேற்பு அட்டை: அச்சடித்ததா, கையால் எழுதியதா?

ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். வாழ்த்தை அச்சடித்துப் பெயரை மட்டும் பேனாவால் நிரப்புவது ஒன்று. முழுவதையும் கையால் எழுதுவது மற்றொன்று. அச்சடித்தது பார்க்க அழகு, வேலையும் சுளுவு. ஆனால் பெயருக்கு விட்ட இடைவெளியைப் பார்த்ததுமே, எல்லோருக்கும் வைப்பதுதான் இது என்று தெரிந்துவிடும். நான் இப்போது கையால்தான் எழுதுகிறேன்.

கையால் எழுதும்போது பேனா நம்மை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில் ஒரு ஜோடிக்கு "இனிய இரவுகள் அமையட்டும்" என்று எழுதிவிட்டேன். மறுநாள் அறைக்குப் போனால், அட்டை மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய அந்தரங்கத்தில் நமக்கு என்ன வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து ஒரே ஒரு அளவுகோல்தான்: அட்டையில் வரும் எந்த விவரமும் அவர்களே நம்மிடம் சொன்னதாக இருக்க வேண்டும். முன்பதிவில் எழுதிய குறிப்பு, வரும் நேரம், தொலைபேசியில் கேட்ட கேள்வி, இவை போதும். சமூக வலைத்தளத்தில் கல்யாணப் படம் பார்த்து "சிவப்புப் பட்டில் அழகாக இருந்தீர்கள்" என்று எழுதினால் அன்பாகத் தெரியாது, வேவு பார்த்தது போலத்தான் இருக்கும். பெயருக்கும் இதே கதைதான். முன்பதிவில் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கும். மனைவி பெயரோடு கணவர் பெயரை நாமாக ஒட்டக்கூடாது. வருகையை உறுதிசெய்யப் பேசும்போது, "அட்டையில் இரண்டு பேர் பெயரையும் எப்படி எழுதட்டும்?" என்று கேட்டுவிடலாம். தேனிலவா, திருமண நாளா என்பது தெளிவாக இல்லையென்றால் வாழ்த்தை விட்டுவிட்டு வரவேற்பு மட்டும் போதும்.

இரவு ரயிலில் வருவதாகச் சொன்ன ஒரு தம்பதிக்கு இப்படி எழுதினேன்:

"மீரா, அருண் இருவருக்கும் வணக்கம். உங்கள் திருமணத்துக்கு எங்கள் வாழ்த்துகள். இரவெல்லாம் பயணம் செய்து வருகிறீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள். காலை உணவு பத்தரை மணி வரை உண்டு. ஏதாவது வேண்டுமென்றால் 9-ஐ அழுத்துங்கள். – சுதா, வரவேற்பு"

வாழ்த்து ஒரு வரிதான். மீதியெல்லாம் அவர்களுக்குப் பயன்படுவது. கீழே "நிர்வாகம்" என்று போடாமல் ஓர் ஆளின் பெயர் இருந்தால் கூப்பிடத் தயங்க மாட்டார்கள். (மேலே இருப்பவை மாற்றிய பெயர்கள்.)

ஒரே நாளில் இருபது ஜோடிகள் வரும் பெரிய விடுதியில் நான் வேலை செய்ததில்லை. அங்கே அச்சடித்த அட்டைதான் நடைமுறைக்கு ஒத்துவருமோ என்னவோ. அவசரத்தில் இருபது பெயர் எழுதினால் ஒன்றாவது மாறிப்போகும், தப்பான பெயரைவிட அச்சடித்த வாழ்த்து எவ்வளவோ மேல்.

அப்புறம், மை காயாமல் உறையில் போட்டால் இழுவிவிடும், அதனால் பால்பாயிண்ட் பேனாதான் நல்லது. அறை கடைசி நேரத்தில் மாறலாம் என்பதால் அட்டையில் அறை எண் எழுதுவதில்லை. வைக்கும் இடமும் கட்டில் அல்ல, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், மேசைமேல்.