30 இறப்பு, 8 மாறி: பத்துக்கு ஒன்று விதியா, ஃபர்த்தா, ரைலி கணக்கா?

வேலூர் பக்கம் மெடிக்கல் பிஜி தீசிஸ் பண்ணுகிறவர்களிடமிருந்து வருஷா வருஷம் வரும் கேள்வி இது: "சார், என் டேட்டாவில் எத்தனை வேரியபிள் போடலாம்?" பெரும்பாலும் பதிலையும் அவர்களே கையில் வைத்திருப்பார்கள். ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு இருந்தால் போதும், கைடு சொல்லிவிட்டார், ரிவ்யூவரும் அதைத்தான் கேட்பார். ஒரு மாறிக்கு எத்தனை நிகழ்வு என்ற இந்த எண்ணுக்கு ஈபிவி என்று பெயர். விளைவு அடிக்கடி நடக்கிற ஒன்றாக இருந்தால் இந்த விதியை வைத்துக்கொண்டு ஓரளவு ஓட்டிவிடலாம். அரிதான விளைவு என்றால் அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும், அதற்குப் பதிலாக இருக்கும் வழிகள் எப்படி என்பதை ஒரே டேட்டாவை வைத்துப் பார்ப்போம்.

டேட்டா நான் கணக்குக்காக உருவாக்கியது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஜவ்வாது மலை அடிவாரம் என்று பல ஊர்களிலிருந்து பாம்புக்கடியோடு வந்து சேர்ந்த 1,500 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 பேர் இறந்தார்கள், அதாவது 2 சதவீதம். வயது, கடித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர ஆன நேரம், 20 நிமிட ரத்தம் உறைதல் டெஸ்ட், கண் இமை தொங்கியிருந்ததா, ஏற்கனவே சிறுநீரக நோய் இருந்ததா என்று மொத்தம் 8 மாறிகள். சிறுநீரக நோய் இருந்தவர்கள் 40 பேர்தான், அந்த 40 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. இந்த 40 பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பத்து விதி. 30 இறப்பை 8-ஆல் வகுத்தால் 3.75, ஆகவே 8 மாறி கூடாது, 3 போடலாம் என்று அது சொல்லும். சரி, வயது, தாமதம், சிறுநீரக நோய் என்று மூன்றை எடுக்கிறோம். ஈபிவி கச்சிதமாக 10. இதை glm-இல் ஓட்டினால் சிறுநீரக நோயின் கெழு −14 மாதிரி வரும், அதன் ஸ்டாண்டர்ட் எரர் ஆயிரத்தை ஒட்டி நிற்கும், பி வேல்யூ 0.99 பக்கம். அதை ஆட்ஸ் ரேஷியோவாக மாற்றினால் 0.000001 போல ஏதோ ஒன்று. சிறுநீரக நோய் இருந்தால் பாம்பு கடித்தாலும் சாகவே மாட்டார் என்று மாடல் சொல்கிறது! கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் பலமாக அடிவாங்கும் என்பது வார்டில் ஒரு மாதம் நின்ற எவருக்கும் தெரியும்.

இது ஏன் நடக்கிறது என்றால், ஒரு பிரிவில் இறப்பு பூஜ்யமாக இருக்கும்போது அதிகபட்ச நிகழ்தகவு முறைக்கு எல்லையே கிடையாது. கெழுவை இன்னும் கீழே இறக்க இறக்க டேட்டாவோடு பொருத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். நிஜமான விடை மைனஸ் முடிவிலி. நாம் பார்க்கும் −14 என்பது, இனி பொருத்தம் பெரிதாக மாறவில்லை என்று மென்பொருள் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடம், அவ்வளவுதான். இதற்கு செப்பரேஷன் என்று பெயர். கெட்ட செய்தி என்னவென்றால் இந்த மாதிரி பாதி செப்பரேஷனில் ஆர் பல சமயம் எச்சரிக்கையே காட்டாது. நிகழ்தகவு 0 அல்லது 1-க்குப் போய்விட்டது என்ற அந்த வழக்கமான வார்னிங் வர, மதிப்பு இன்னும் பல மடங்கு கீழே போக வேண்டும். அதனால் நாமேதான் பார்க்க வேண்டும்: ஸ்டாண்டர்ட் எரர் நூற்றுக்கணக்கில் இருக்கிறதா, வெளியீட்டின் கடைசி வரியில் ஃபிஷர் ஸ்கோரிங் சுற்றுகள் வழக்கம்போல 6, 7-இல் நிற்காமல் 17, 18 என்று போயிருக்கிறதா. அதைவிட நல்லது, மாடல் ஓட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வகை மாறியையும் இறப்போடு 2×2 அட்டவணையாகப் போட்டுப் பார்த்துவிடுவது.

அந்த 40 பேரில் பூஜ்யம் என்பது அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை என்பதையும் கவனியுங்கள். மற்ற 1,460 பேரில் இறப்பு 2.05 சதவீதம். அதே ஆபத்து இந்த 40 பேருக்கும் இருந்தால்கூட ஒருவரும் இறக்காமல் போக 44 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். மொத்தம் எத்தனை நிகழ்வு என்பதை மட்டும் எண்ணும் விதிக்கு, அவை எந்தக் கட்டத்தில் விழுந்தன என்பது தெரியாது. அரிதான விளைவும் அரிதான மாறியும் சேருமிடத்தில் அதுதான் எல்லாமே.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். 1996-இல் பெடூஸியும் அவர் குழுவினரும் ஓர் இதய நோய் ஆய்வின் டேட்டாவை எடுத்து சிமுலேஷன் செய்தார்கள்: 673 பேர், 252 இறப்பு, 7 மாறிகள். இறப்பு 37 சதவீதம்! அதிலிருந்து வந்த எண் நம் 2 சதவீதத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. 2007-இல் விட்டிங்காஃபும் மெக்கல்லக்கும் பல சூழல்களில் 5 முதல் 9 வரைகூடப் பரவாயில்லை என்றார்கள். 2016-இல் வான் ஸ்மீடன் குழு, இந்த சிமுலேஷன்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம் செப்பரேஷன் வந்த மாதிரிகளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கையாண்டதுதான் என்று காட்டியது. அதனால் பத்தா ஐந்தா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஐந்து என்று தளர்த்தினால் நம் டேட்டாவில் 6 மாறி போடலாம், அந்த 40 பேர் அப்போதும் அங்கேயேதான் இருப்பார்கள்.

விதியைக் கடைப்பிடிப்பவர்களும் பெரும்பாலும் தப்பாகத்தான் எண்ணுகிறார்கள் என்பது தனிக்கதை. 20 மாறியை ஒவ்வொன்றாக டெஸ்ட் பண்ணி, பி வேல்யூ 0.2-க்குக் கீழே வந்ததை மட்டும் வைத்து, கடைசியில் 3 தேறியது, ஆகவே ஈபிவி 10 என்று தீசிஸில் எழுதுகிறோம். கிடையாது, முயற்சி செய்து பார்த்த எல்லாமே கணக்கு, ஆகவே அது 1.5. மாறி என்பதும் கெழுக்களின் எண்ணிக்கைதான்: பாம்பு வகை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், தெரியவில்லை என்று ஐந்தாக இருந்தால் அது ஒன்றல்ல, நான்கு.

அடுத்தது ஃபர்த் முறை. 1993-இல் டேவிட் ஃபர்த் கொடுத்தது, செப்பரேஷனுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று ஹைன்ட்ஸேயும் ஷெம்பரும் 2002-இல் காட்டினார்கள். ஒரே ஒரு 2×2 அட்டவணை என்றால் இது செய்வது ஒவ்வொரு கட்டத்திலும் அரை ஆளைச் சேர்ப்பதுதான். நம் அட்டவணையில் போட்டுப் பார்க்கலாம்: சிறுநீரக நோய் உள்ளவர்களில் 0.5-ஐ 40.5-ஆல் வகுக்க வேண்டும், மற்றவர்களில் 30.5-ஐ 1,430.5-ஆல். இரண்டின் விகிதம் 0.58. கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, ஆனால் எதுவும் சொல்ல முடியாது என்கிற மாதிரியான எண். 40 பேரை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். நம்பக எல்லையைப் புரொஃபைல் முறையில் எடுங்கள், வால்டு முறையில் வேண்டாம். இந்த இடத்தில் வளைவு சமச்சீராக இருக்காது.

```r
library(logistf)
m <- logistf(death ~ age + delay + ckd, data = d)
flic(m)
```

அந்த மூன்றாவது வரி அழகுக்கு இல்லை. ஃபர்த் ஒவ்வொருவரின் கணிப்பையும் லேசாகப் பாதியை நோக்கி இழுக்கிறது. விளைவு 2 சதவீதம் என்றால் பாதியை நோக்கி என்பது மேலே என்று அர்த்தம். எட்டு மாறியும் போட்ட மாடலில் கணிப்புகளைக் கூட்டினால் 30-க்குப் பதிலாக 34-ஐ ஒட்டி வரும். ஆட்ஸ் ரேஷியோ மட்டும் வேண்டும் என்றால் பரவாயில்லை. ஆபத்து மதிப்பெண் தயாரித்து தாலுகா ஆஸ்பத்திரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இது கூடாது. Flic வெட்டுத்துண்டைத் திருத்தி மொத்தத்தை மறுபடி 30-க்குக் கொண்டுவரும். ஃபர்த் செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது: டேட்டாவில் இல்லாத தகவலை உண்டாக்காது. 30 இறப்பு 30 இறப்புதான்.

டேட்டா சேர்ப்பதற்கு முன்னால் வந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ரைலி குழுவின் கணக்கு, 2019-லிருந்து வெளிவந்தது. எத்தனை கெழு, விளைவு எத்தனை சதவீதம், மாடல் எவ்வளவு விளக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்ற மூன்றையும் வாங்கிக்கொண்டு, கெழுக்களை 10 சதவீதத்துக்கு மேல் சுருக்க வேண்டிய நிலை வராமலிருக்க எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும்.

```r
library(pmsampsize)
pmsampsize(type = "b", nagrsquared = 0.15,
           parameters = 8, prevalence = 0.02)
```

விடை 2,650 பேரை ஒட்டி வருகிறது, அதில் 53 இறப்பு, ஈபிவி 6.6. இதே எட்டு கெழு, இதே 0.15, விளைவை மட்டும் 50 சதவீதம் ஆக்கினால் 600 பேர் போதும், ஆனால் ஈபிவி 37! பத்து என்பது இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. ஒன்றில் அதிகம் கேட்கிறது, மற்றதில் ரொம்பக் குறைவாகக் கேட்கிறது. எனக்கு இந்த ஒப்பீடு ஒன்றே பத்து விதியை ஓரங்கட்டப் போதும்.

அரிதான விளைவில் ரைலி கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. மொத்த ஆபத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அது வழக்கமாக எடுக்கும் பிழை எல்லை 5 சதவீதப் புள்ளி. 2 சதவீத விளைவுக்குக் கூட்டல் கழித்தல் 5 என்றால் என்ன பொருள்? அந்த நிபந்தனைப்படி 31 பேர் போதும் என்று வரும், யாரும் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. அரை சதவீதப் புள்ளி என்று இறுக்கிப் பாருங்கள், 3,012 பேர் வேண்டும், முந்தைய 2,650-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பெரிய எண்தான் உங்கள் சாம்பிள் சைஸ். அப்புறம், 0.15 என்பதும் ஒரு ஊகம்தான், முந்தைய ஆய்வில் வேறு எண் கிடைத்தால் அதைப் போடுங்கள். செப்பரேஷன் வராது என்று இந்தக் கணக்கும் உத்தரவாதம் தருவதில்லை. அரிதான மாறிக்கு 2×2 அட்டவணை போட்டே ஆக வேண்டும்.

கடைசியாக, இப்போது பரவிக்கொண்டிருக்கும் ஒன்று: இறந்தவர்களை நகலெடுத்தோ, ஸ்மோட் போட்டு அவர்களைப் போன்ற செயற்கை ஆட்களை உருவாக்கியோ இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 30-ஐ 1,470 ஆக்கினால் ஆட்ஸ் 49 மடங்கு ஏறும், நிஜத்தில் 2 சதவீத ஆபத்து உள்ளவருக்கு மாடல் 50 சதவீதம் என்று சொல்லும், ஸ்டாண்டர்ட் எரரோ 1,470 பேர் உண்மையிலேயே இறந்த மாதிரி சுருங்கிப்போகும். கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் வேறு நேர்மையான வழி இருக்கிறது. இறந்த 30 பேரையும் எடுங்கள், பிழைத்த 1,470 பேரில் 120 பேரை குலுக்கலில் எடுங்கள். கெழுக்களுக்குப் பாதகமில்லை, வெட்டுத்துண்டிலிருந்து மட்டும் 1,470/120-இன் மடக்கையான 2.5-ஐக் கழித்துவிட வேண்டும். ஒன்றுதான், அந்த 40 சிறுநீரக நோயாளிகளில் சுமார் 3 பேர்தான் இதில் வந்து விழுவார்கள். அந்த மாறியைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது.