கெஸ்ட் ஹவுஸா, ஐஸ் பெக்டரியா? அந்த 39 இலட்சம் யாருடையது?

திருகோணமலையில் கையில் கொஞ்சம் காசும் கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு காணியும் இருப்பவரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் "உப்புவெளியில் ரூம் போடலாம்" என்பார்கள். திட்ட அறிக்கையைப் பார்த்தாலும் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். எனக்குச் சந்தேகம் வருவதும் அங்கேதான். எல்லோருக்கும் தெரிந்த தொழில், எவரும் இறங்கக்கூடிய தொழில், அதில் இலாபம் மட்டும் ஏன் இன்னும் மிஞ்சிக் கிடக்கிறது?

இரண்டு தெரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்தவை. ஆளும் கற்பனைதான், ஆனால் ஊரில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருக்கு உப்புவெளியில் கடலுக்கு அருகே ஒரு காணியும், நகரத்துக்கு வடக்கே படகுகள் கரையேறும் ஓர் இறங்குதுறைக்குப் பின்னால் இன்னொரு சிறு காணியும் உண்டு. காசு ஒரு வேலைக்குத்தான் காணும். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் கலக்காமல் எல்லாவற்றையும் இன்றைய ரூபாவில் எடுக்கிறேன். இதே அளவு ஆபத்துள்ள வேறிடத்தில் போட்டால் வரக்கூடிய வருமானம் 12 வீதம். அப்படியானால் பத்து வருடங்களுக்கு வருடம் ஒரு ரூபா வருவதன் இன்றைய பெறுமதி 5.65 ரூபா. வருட வரவை 5.65ஆல் பெருக்கி, போட்ட முதலைக் கழித்தால் கிடைப்பதுதான் தேறிய தற்போதைய பெறுமதி, சுருக்கமாக என்.பி.வி. பத்து வருடத்துக்குப் பின் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பெறுமதி எதுவும் வைக்கவில்லை. உப்புக்காற்றில் அது பெரிய அநியாயமல்ல.

முதலில் கெஸ்ட் ஹவுஸ். ஆறு அறை, கட்டுமானமும் தளபாடமும் 300 இலட்சம். சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரையான சீசனில் 150 நாள், அதில் 70 வீதம் நிரம்பினால் ஓர் அறைக்கு 105 இரவு. புக்கிங் கொமிசன் போக இரவுக்கு 12,000 ரூபா. வாடைக்காற்று மாதங்களையும் சேர்த்து மற்றக் காலத்தில் 32 இரவு, 7,000 ரூபாப்படி. ஆறு அறைக்கும் வருடத்துக்கு 89 இலட்சம். ஆட்கள், கரண்ட், பழுதுபார்ப்பு என்று 29 இலட்சம் போனால் மிச்சம் 60.

60 × 5.65 − 300 = 39

ஐஸ் பெக்டரிக்கு 400 இலட்சம். நாளொன்றுக்கு 8 தொன், வருடத்தில் 240 நாள், ஆக 1,920 தொன். 50 கிலோக் கட்டி 500 ரூபாவுக்குப் போனால் தொன் 10,000. கரண்டும் தண்ணீரும் ஏற்றுகூலியுமாகத் தொன்னுக்கு 3,500. சம்பளம், பராமரிப்பு, காணிக்கு வைக்க வேண்டிய வாடகை எல்லாமாக வருடத்துக்கு 51 இலட்சம் நிலையான செலவு. மிச்சம் 73.8.

73.8 × 5.65 − 400 = 17

பாடப்புத்தக விதிப்படி 39 பெரியது, ரூம் போடு என்று முடிக்கலாம். ஆனால் சூத்திரம் கொடுப்பது நாம் ஊட்டியதைத்தான். அந்த 39 எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

போட்டியுள்ள சந்தையில் முதலுக்கு உரிய 12 வீதத்துக்கு மேல் ஏதாவது கிடைக்கிறதென்றால், மற்றவர்களால் செய்ய முடியாத ஒன்று அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். மற்றவர்களாலும் முடியுமென்றால் அவர்களும் வருவார்கள், வர வர விலை இறங்கும், மிகை கரையும் வரைக்கும் இறங்கும். கெஸ்ட் ஹவுஸ் எங்கே சமநிலைக்கு வரும் என்று பார்ப்போம். 300ஐ 5.65ஆல் வகுத்தால் 53.1. அதாவது வருட வரவு 60இலிருந்து 53க்கு வந்தால் என்.பி.வி. பூச்சியம். அதற்குச் சீசன் விலை இரவுக்கு 1,100 ரூபா இறங்கினால் போதும். ஒரே வீதியில் இன்னும் நாலு பேர் ரூம் போட்டால், புக்கிங் திரையில் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ் 500 ரூபா குறைத்துக் காட்டினால், ஒரு சீசனிலேயே அது நடந்துவிடும். திட்ட அறிக்கையோ 12,000 ரூபாவைப் பத்து வருடத்துக்கும் நேர்கோடாக இழுத்திருக்கும்.

இதைவிட ஆழமான ஓட்டை காணியில் இருக்கிறது. 39 கணக்கிட்டபோது உப்புவெளிக் காணிக்கு ஒரு சதமும் வைக்கவில்லை. "அது அப்பாவின் காணி, சும்மாதானே கிடக்கிறது" என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் அந்தக் காணியை வேறொருவருக்கு வருடம் 10 இலட்சத்துக்குக் குத்தகைக்கு விடலாமென்றால், ரூம் போடுகிறவர் தனக்குத்தானே அந்த 10 இலட்சத்தைக் கட்டுகிறார். வரவு 60 அல்ல, 50. என்.பி.வி. மறைப் பெறுமானம், கிட்டத்தட்ட 17 இலட்சம் நட்டம். 39 இலட்சம் என்று சந்தோஷப்பட்டது முழுவதும் காணியின் சம்பாத்தியம், அதுவும் குத்தகையின் இன்றைய பெறுமதியான 56 இலட்சத்தில் கெஸ்ட் ஹவுஸ் 17 இலட்சத்தைத் தின்ற பிறகு மிஞ்சியது. கடற்கரை என்பது உண்மையான அனுகூலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சந்தை ஏற்கெனவே கண்டுபிடித்துக் காணி விலையில் ஏற்றிவிட்டது. விற்றாலும் குத்தகைக்கு விட்டாலும் அது உங்களுக்குக் கிடைக்கும், ரூம் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.

காணிக்குச் செலவு வைத்தால் யாரும் புதிதாகக் கட்ட மாட்டார்கள், அப்போது விலை இறங்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோரும் அப்படிக் கணக்குப் பார்த்தால் இறங்காது. ஆனால் பரம்பரைக் காணி உள்ளவர்கள் எல்லோரும் அதை இலவசமாகவே நினைக்கிறார்கள், அதனால் கட்டிக்கொண்டே போகிறார்கள். அப்படிப்பட்ட சந்தையில் விலை நியாயமான மட்டத்தையும் தாண்டிக் கீழே போகும். வரவு 53க்கு இறங்கி, காணிக்கும் 10 வைத்தால், நட்டம் 56 இலட்சத்துக்கு மேல்.

இனி ஐஸ். இங்கே 17 இலட்சத்துக்கு ஒரு முகவரி சொல்ல முடிகிறது. ஐஸ் கரையும் சரக்கு. தூரத்தில் உள்ள பெக்டரி வாசலில் தொன் 8,000 ரூபாவுக்குக் கொடுத்தாலும், லொறிக் கூலி 1,500, வழியில் கரைவதில் போவது 1,000 என்று வைத்தால், இந்த இறங்குதுறையில் அதன் விலை 10,500. நம்முடையவர் 10,000க்குக் கொடுத்தால் சம்மாட்டிமார் ஏன் அங்கே போகிறார்கள்? அந்த 2,500 ரூபாத் தூரம்தான் அவருடைய அனுகூலம். அது இல்லாமல் அவரும் 8,000க்கே விற்க வேண்டி வந்தால் என்.பி.வி. 200 இலட்சம் மறையில் போகும். ஆக முழுத் திட்டமும் அந்த ஒரே தூணில் நிற்கிறது.

பக்கத்திலேயே இன்னொருவர் பெக்டரி போட்டால்? கெஸ்ட் ஹவுஸுக்கும் ஐஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இந்தத் துறைக்கு நாளுக்கு 8 தொன்தான் தேவை. இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 4 தொன், வரவு வருடம் 11.4 இலட்சம், அதன் இன்றைய பெறுமதி 64 இலட்சம். 64 கிடைக்க 400 போட யாரும் வர மாட்டார்கள், கணக்குத் தெரிந்தவரென்றால். முதலில் போட்டவர் இடத்தைப் பிடித்துவிடுகிறார். கெஸ்ட் ஹவுஸில் அப்படி ஒரு வாசல் இல்லை. ஆறாவது ஆள் வந்தாலும் எல்லோருக்கும் கொஞ்சம் குறையுமே தவிர, வந்தவர் வெளியே நிற்க மாட்டார்.

"இவ்வளவு நல்லதென்றால் முன்பே யாராவது போட்டிருக்க வேண்டுமே?" இந்தக் கேள்விக்குக் குறிப்பாகப் பதில் சொல்ல முடியாத திட்டத்தை நான் நம்புவதில்லை. இங்கே பதில் இருக்கலாம்: கடலோரக் கிணறுகள் பெரும்பாலும் உவர், இவருடைய காணியில் மட்டும் நல்ல தண்ணீர். அல்லது துறைக்கு மூன்று பேஸ் கரண்ட் இப்போதுதான் வந்தது. "யாருக்கும் தோன்றவில்லை" என்பது பதிலல்ல.

அதற்காக ஐஸ் கணக்கைக் கண்ணை மூடி ஏற்க வேண்டாம். தூரத்துப் பெக்டரிக்காரர் காப்புக் கூடு போட்ட லொறி வாங்கி, கரைவதையும் கூலியையும் சேர்த்து 2,500ஐ 1,800 ஆக்கினால், துறையில் அவர் விலை 9,800. நம்முடையவரும் அங்கே இறங்க வேண்டும். 17 இலட்சம் இலாபம் 5 இலட்சம் நட்டமாக மாறும். மீனவர் சங்கம் மானியத்தில் சொந்தமாக ஒன்று போட்டாலும் கதை முடிந்தது, சங்கம் 12 வீதம் எதிர்பார்க்காது. ஆனால் இந்தச் சந்தேகங்களைப் போய் விசாரிக்கலாம்: லொறி வைத்திருப்பவர் யார், சங்கம் மனுப் போட்டிருக்கிறதா, நாலைந்து பெரிய சம்மாட்டிமார் மூன்று வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதிப்பார்களா. "ரூம் நிரம்பும்" என்பதை யாரிடம் போய் விசாரிப்பது?

அரிதான ஒன்று கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஊரிலேயே சாட்சி உண்டு. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99. இயற்கைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தொகுதியை இன்று யாராலும் மலிவாகக் கட்ட முடியாது. ஆனாலும் பெரும்பகுதி பல தசாப்தங்கள் சும்மா கிடந்தது. 2022 ஜனவரியில்தான் 61 தாங்கிகளுக்கு ஒரு கூட்டுக் கம்பனி என்று ஒப்பந்தம் வந்தது. யாராலும் பிரதிபண்ண முடியாததாக இருந்தும், அதன் வழியே எண்ணெய் ஓடாதவரை வரவு இல்லை. மாறாக, அதே குடாவில் பிரிமா மா ஆலை ஆழமான தண்ணீரின் பயனைத் தினமும் எடுக்கிறது, கோதுமைக் கப்பல் நேராக ஆலை வாசலுக்கே வருகிறது.

திரும்ப உப்புவெளிக்கு. கெஸ்ட் ஹவுஸ் யாருக்குமே சரிவராது என்று சொல்ல வரவில்லை. புறாத்தீவுக்கு டைவிங் கூட்டிப் போகும் ஒருவர் இருக்கிறார், வருடா வருடம் அதே வெளிநாட்டுக்காரர் அவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி வருகிறார்கள் என்று வைப்போம். அவருடைய சீசன் இரவுகளில் பாதிக்குப் புக்கிங் கொமிசன் இல்லை. ஓர் இரவுக்கு 2,100 ரூபா மிச்சமென்றால் வருடத்துக்கு 6.6 இலட்சம், இன்றைய பெறுமதியில் 37. காணிக்குச் செலவு வைத்த பிறகும் இன்றைய விலையில் அவர் 20 இலட்சம் இலாபத்தில் நிற்கிறார், பக்கத்துக் காணிக்காரர் 17 இலட்சம் நட்டத்தில். ஒரே கட்டடம், ஒரே கடல். வித்தியாசம் அவருடைய தொலைபேசியில் இருக்கும் பெயர்கள்.

ஆனால் அவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். அந்தப் பெயர்களுக்குச் சுவர் எதற்கு? அளவுக்கு மிஞ்சிக் கட்டப்பட்ட வீதியில் ஆறு அறையைச் சீசனுக்கு மட்டும் குத்தகைக்கு எடுக்கலாம். 300 இலட்சத்தைச் சீமெந்தில் போடாமல், மற்றவர்கள் நட்டத்தில் கட்டியதை மலிவாக வாடகைக்கு எடுத்து, தன் 6.6 இலட்சத்தை அப்படியே கையில் வைத்துக்கொள்ளலாம்.