குசினியில் இருந்த சுமை, ஹோல் பிளக்கைக் கருக்கியது: வயரிங் பிளானில் சேர்கிட் எழுதாமல் ஏமாந்த கதை

களுவாஞ்சிகுடிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிற ஆக்கள், சுவருக்குப் பூச்சு பூச முன்னம் இதைத் தயவு செய்து வாசியுங்கள். எங்களுடையது சின்ன வீடுதான். 22க்கு 30 அடி, அதாவது 660 சதுர அடி. விறாந்தை, ஹோல், இரண்டு அறை, குசினி, ஒரு பாத்ரூம், பின்பக்கம் கிணறு. இவ்வளவு சின்ன வீட்டுக்கு வயரிங்கில் என்ன பெரிய பிழை வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

குடிபுகுந்து எட்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹோலில் ரீவிக்குப் பின்னால் இருந்து மீன் அழுகினது மாதிரி ஒரு மணம். முதலில் பல்லி செத்துக் கிடக்கிறது என்று தேடினோம். ரீவியை நகர்த்திப் பார்த்தால் பிளக் பொயின்டின் வெள்ளைப் பிளேட் ஒரு பக்கம் மஞ்சளாகி, தொட முடியாத சூடு. அந்த நேரம் ரீவி போடவே இல்லை, அந்தப் பிளக்கில் எதுவும் ஓடவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒன்றும் ஓடாத பிளக் எப்படிக் கொதிக்கும்?

வயரிங் செய்தவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "பிளக் பேஸ் கூடாத சாமான் அண்ணன், மாற்றினால் சரி" என்று புதியதொன்று போட்டுவிட்டு அதற்கும் காசு வாங்கிக்கொண்டு போனார். மூன்று கிழமையில் அதே மணம் திரும்ப வந்தது. அப்புறம்தான் என் மனுசியின் மாமா முறையான ஒருவரைக் கூட்டி வந்தேன், முப்பது வருசம் மின்வேலையில் இருந்தவர். அவர் பிளக்கைப் பார்க்கவே இல்லை. நேரே போய் மெயினை நிறுத்தி, பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட பிளானை எடுங்க" என்றார்.

பிளானை விரித்தேன். வீட்டுப் பிளான் கீறினவரிடமே வயரிங் பிளானுக்கும் தனியாகக் காசு கொடுத்து எடுத்தது. பார்க்க வடிவாக இருக்கும். லைட்டுக்கு வட்டம், பேனுக்கு ஒரு அடையாளம், பிளக்குக்கு அரை வட்டம், சுவிட்சுக்கு ஒரு சின்னக் குறி. மாமா கேட்ட முதல் கேள்வி, "இதில் எந்தப் பொயின்ட் எந்தப் பிரேக்கரில் என்று எங்கே எழுதியிருக்கு?" எங்கேயும் இல்லை. எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று இழுக்கிற வளைந்த புள்ளிக்கோடுகூட இல்லை. பொயின்ட்கள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும்தான் அந்தப் படத்தில் இருந்தது. பின் அறையின் சுவிட்ச், கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறையும் இடத்தில் குறிக்கப்பட்டிருந்ததும் அன்றுதான் விளங்கியது. ஏதோ வேறொரு வீட்டுப் படத்தில் இருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்.

இப்போது பிளக் கொதித்த காரணத்துக்கு வருகிறேன், இதை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒன்பது 13 அம்பியர் பிளக்கும் தண்ணி மோட்டரும் ஒரே ஒரு 32 அம்பியர் பிரேக்கரில் இருந்தன. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவோமே, அது. இந்த வயரை 32 அம்பியர் பிரேக்கரில் போடலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அது ரிங்காக இருக்க வேண்டும். அதாவது டிபியில் இருந்து கிளம்பி, பிளக் பிளக்காகப் போய், கடைசிப் பிளக்கில் இருந்து திரும்பவும் அதே டிபிக்கு, அதே பிரேக்கருக்கு வந்து சேர வேண்டும். அப்போது எந்தப் பிளக்குக்கும் மின்சாரம் இரண்டு பக்கத்தாலும் போகும், சுமை பிரிந்துவிடும். எங்கள் ஆள் ரிங் போடுகிறேன் என்று சொல்லி, 32 அம்பியர் பிரேக்கரும் வைத்து, கடைசிப் பிளக்கோடு நிறுத்திவிட்டார். திரும்பி வர வேண்டிய வயரை இழுக்கவே இல்லை. குசினியில் இருந்து டிபிக்கு ஒன்பது மீற்றர் தூரம், பேஸ், நியூற்றல், ஏர்த் மூன்றும் சேர்த்து 27 மீற்றர் வயரும் சுவர் வெட்டுகிற கூலியும் அவருக்கு மிச்சம். எனக்குத் தந்த பில்லில் முழு ரோல் கணக்கு.

சுவருக்குள் பைப்பில் போகிற 2.5 வயர், ஒரு வழியாக மட்டும் ஓடினால் நல்ல நிலைமையிலேயே 24 அம்பியர் அளவுதான் தாங்கும், எங்கள் ஊர் வெயிலில் இன்னும் குறையும். அதனால்தான் ஒருவழி லைனுக்கு 20 அம்பியர் பிரேக்கர் போடுகிறார்கள். இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கணக்குப் பாருங்கள். 2022 இல் காஸ் வரிசையில் நின்று களைத்து வாங்கிய இண்டக்ஷன் அடுப்பு 2000 வோற், 230 வோல்டில் 9 அம்பியர். கேத்தல் 1800 வோற், 8 அம்பியர். ரைஸ் குக்கர் 3. கிணற்று மோட்டர் அரைக் குதிரைவலு, ஓடும்போது 4 வரை. மகள் அடுத்த நாள் பள்ளிக்கு அயன் பண்ணுவாள், அது 4. பிரிட்ஜ் 1. எல்லாம் சேர்த்து 29 அம்பியர். வயர் தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டது, ஆனால் 32 அம்பியர் பிரேக்கருக்கு அது பிரச்சினையே இல்லை, விழாது. இன்னும் சொன்னால் 36 அம்பியர் போனாலும் அந்தப் பிரேக்கர் ஒரு மணித்தியாலம் சும்மா நிற்கும், அது அப்படித்தான் செய்யப்படுகிறது.

அப்போ ஏன் குசினிப் பிளக் எரியாமல் ஹோல் பிளக் எரிந்தது? டிபியில் இருந்து வரும்போது முதல் பிளக் அதுதான். குசினிக்குப் போகிற மொத்த மின்சாரமும் அந்தப் பிளக்கின் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிற வயர் மூட்டு வழியாகத்தான் போக வேண்டும், அதில் நீங்கள் எதையும் செருகாவிட்டாலும். அந்த ஸ்க்ரூ கொஞ்சம் இளகியிருந்தால் சூடு அங்கேதான் பிறக்கும். மாமா கழற்றிக் காட்டியபோது சிவப்பு வயரின் தோல் ஒரு அங்குலத்துக்குக் கபிலமாகி, விரலால் தட்டினால் உடைகிற மாதிரி இருந்தது. பிளக் பேஸை ஆயிரம் தரம் மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே, ஏன் விழவில்லை?" என்று நானும் கேட்டேன், பக்கத்து வீட்டாரும் கேட்டார்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒழுக்கை மட்டும். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் 30 மில்லியம்பியர் அளவில் வித்தியாசப்பட்டால் விழும். ஆளுக்கு ஷொக் அடித்தால் காப்பாற்றும். வயருக்குச் சுமை கூடினால் அதற்குத் தெரியவே தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது பிரேக்கர்.

உங்கள் வீட்டிலும் 32 அம்பியர் பிரேக்கர் இருந்தால் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்த ஆளைக் கொண்டு மட்டும், ஏனென்றால் மெயினை நிறுத்தினாலும் மீற்றரில் இருந்து மெயினுக்கு வருகிற வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பிரேக்கருக்குக் கீழே இரண்டு வயர் இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அவை இரண்டு திசைக்குப் போகிற இரண்டு கிளையாகவும் இருக்கலாம். இரண்டு நுனியையும் கழற்றி, ஒன்றில் இருந்து மற்றதுக்கு மல்ரிமீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். ரிங் சரியாக மூடியிருந்தால் இந்த அளவு வீட்டில் ஒரு ஓமுக்கும் குறைவாகத்தான் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் ரிங் இல்லை. இதே போல நியூற்றலையும் ஏர்த்தையும் பார்க்க வேண்டும்.

வயரிங் செய்தவரிடம் போனேன். அவர் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "பிளானில் ரிங் என்று எழுதியிருக்கா அண்ணன்? பிளானில் இருக்கிற பொயின்ட் எல்லாம் போட்டுத் தந்திருக்கேன்தானே." எழுதவில்லை. கூலி பேசினதும் பொயின்ட் கணக்கில். பிளான் கீறினவரோ, அது வயரிங்காரரின் வேலை என்றார். என் கையில் காட்ட ஒரு தாளும் இல்லை.

மாமா அந்தப் பிளானின் மேலேயே சிவப்புப் பேனையால் சேர்கிட்களை, அதாவது ஒவ்வொரு பிரேக்கரில் இருந்தும் போகிற தனி லைன்களை, பெயர் வைத்து எழுதினார். முன்பக்க லைட், பேன் எல்லாம் எல்1, பின்பக்கம் எல்2, இரண்டுக்கும் 6 அம்பியர், ஏனென்றால் பாத்ரூம் லைட் ஷோர்ட் ஆனால் முழு வீடும் இருளக் கூடாது. ஹோலும் அறைகளும் பி1, 20 அம்பியர். குசினி பி2, அதற்குத் தனி 20. மோட்டருக்குத் தனியாக 16. ஒவ்வொரு அடையாளத்துக்கும் பக்கத்தில் அது எந்த லைன் என்று எழுதி, தாளின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டவணையும் போட்டார்: லைன் பெயர், பிரேக்கர் அளவு, வயர் அளவு, எத்தனை பொயின்ட், ரிங்கா ஒருவழியா. முழு வேலையும் அரை மணித்தியாலம்தான். இதைத்தான் நான் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

சுவரைத் திரும்ப வெட்ட மனம் வரவில்லை. பழைய லைனின் 32 ஐக் கழற்றி 20 போட்டு, கருகின வயரை வெட்டி எறிந்து, குசினிக்கும் மோட்டருக்கும் புதிய லைன்களைச் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் கேசிங்கில் கொண்டுபோனோம். புது வீட்டில் அந்த வெள்ளைக் கோடு ஹோல் முழுக்க ஓடுகிறது, பார்க்கக் கவலைதான்.

அந்த ஆள் ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. இப்போது எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில் பைப் புதைக்கிறார். அந்த வீட்டுத் தம்பியிடம் போய், பைப் மூட முன்னம் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வை, குசினியில் இருந்து டிபிக்குத் திரும்புகிற பைப் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல், காட்டாவிட்டால் 32 பிரேக்கர் வைக்க விடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.